எட்டு அடி முகப்பு, இரண்டு விநாடி

ஐயா, இத்துடன் என் சிறுகதை ஒன்றை அனுப்பியிருக்கிறேன். தலைப்பு 'வணக்கம்'. எங்கள் பக்கத்துத் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியை மனதில் வைத்து எழுதியது. மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். தினமும் காலையில் கடை வழியாகப் போகிற எல்லாருக்கும் வணக்கம் சொல்வார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஒரு நாள் கடை திறக்கவில்லை. அன்றைக்குத்தான் தெருவுக்கு அவர் அருமை தெரிகிறது. மூன்று இதழ்களுக்கு அனுப்பினேன், எதிலும் வரவில்லை. நண்பர்கள் படித்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஏதோ ஒட்டலை" என்கிறார்கள். என்ன ஒட்டவில்லை என்று சொல்ல முடியுமா?
— ஒரு வாசகர், தாம்பரம்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் தடவை கதையைச் சும்மா படித்தேன். இரண்டாவது தடவை பென்சிலோடு உட்கார்ந்து வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிட்டேன். கதை நகராமல் நிற்கிறது என்று தோன்றினால் நான் முதலில் செய்வது இதைத்தான். ஐந்து பக்கக் கதையில் முதல் மூன்றரைப் பக்கம் முழுக்க 'திறப்பார், தெளிப்பார், கொளுத்துவார், சிரிப்பார், சொல்வார், கேட்பார்' என்றே போகிறது. 'திறந்தார்' என்று ஒரு வினை கிடையாது. நான்காம் பக்கத்தின் நடுவில்தான் 'அன்று' என்ற சொல் வருகிறது. அது வரும்போது அண்ணாச்சி போய்ச் சேர்ந்துவிட்டார்.

நம் மொழியில் இந்த 'வார்' இரண்டு வேலை செய்யும். 'நாளைக்கு வருவார்' என்றால் இனிமேல் நடக்கப் போவது. 'அப்போதெல்லாம் தினமும் வருவார்' என்றால் பழக்கம். பழக்கத்தைச் சொல்லும்போது அதற்கு நாள் கிடையாது, தேதி கிடையாது. நூறு காலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேலிருந்து பார்க்கிற மாதிரி. மொத்த உருவம் தெரியும், ஒரு முகம்கூடத் தெளிவாகத் தெரியாது. படிக்கிறவனுக்கு அடுத்து என்ன ஆகும் என்ற கேள்வியே வராது, ஏனென்றால் அடுத்தும் இதேதான் ஆகும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

பாட்டிகளுக்கு இது நன்றாகத் தெரியும். "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். தினமும் வேட்டைக்குப் போவாராம்." பழக்கத்துக்கு அந்த ஒரு வரிதான். உடனே, "ஒரு நாள் என்னாச்சுன்னா..." என்று வந்துவிடும். அந்த இடத்தில்தான் பிள்ளை நிமிர்ந்து உட்காரும். நீங்கள் ராஜாவை மூன்றரைப் பக்கம் வேட்டைக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

இதிலிருந்து கிளைத்த இன்னொரு கோளாறும் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில், "பள்ளிக்கூடப் பையன் வந்தால், 'என்ன தம்பி, நேத்து கணக்குப் பரீட்சை எப்படி எழுதின?' என்று கேட்பார்" என்று இருக்கிறது. தினமும் கேட்பாரா? தினமும் நேற்று கணக்குப் பரீட்சையா? ஒரே ஒரு நாளுக்குரிய பேச்சைப் பழக்கத்தின் வினைக்குள் திணித்ததால் வந்த சிக்கல் இது. படிக்கிறவர் இதைப் பிழை என்று எடுத்துச் சொல்ல மாட்டார், ஆனால் நம்பிக்கை கொஞ்சம் கழன்றுவிடும். உங்கள் நண்பர்கள் 'ஒட்டலை' என்று சொன்னதில் பாதி இதுதான் என்பது என் கணிப்பு. நல்ல செய்தி என்னவென்றால், அந்தப் பேச்சு உங்களுக்குள் ஏற்கெனவே ஒரு குறிப்பிட்ட காலையாகத்தான் வந்திருக்கிறது. அதை அந்தக் காலையிலேயே விட்டுவிடுங்கள்.

அதற்காகப் பழக்கத்தை அடியோடு வெட்டவும் முடியாது. தினமும் சொல்கிறவர் என்று தெரிந்தால்தான் ஒரு நாள் சொல்லாமல் போவது உறைக்கும். அளவுதான் விஷயம். நாலைந்து வாக்கியம் போதும். அதிலும் வேறெந்தக் கடைக்காரருக்கும் பொருந்தாத ஒன்று இருக்க வேண்டும். உங்கள் முதல் பத்தி இப்படி இருக்கிறது:

"அதிகாலையில் எழுந்து கடையைத் திறப்பார் அண்ணாச்சி. வாசலில் தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவார். அப்புறம் தெருவில் போகும் ஒவ்வொருவருக்கும் அன்போடு வணக்கம் சொல்வார். அவர் மனதில் மட்டும் தனிமை குடிகொண்டிருக்கும்."

தமிழ்நாட்டில் எந்த மளிகைக்கடையையும் இதில் வைக்கலாம். நான் சின்ன வயதில் கோடை விடுமுறைகளில் மாமா கடையில் பொட்டலம் மடித்தவன். அந்த உரிமையில் சில விஷயம் சொல்கிறேன்.

முதலில் அந்த 'வணக்கம்'. மளிகைக்கடையில் உட்கார்ந்திருப்பவர் தெருவில் போகிறவருக்கு வணக்கம் சொல்லி நான் பார்த்ததில்லை. மேடையில் சொல்வோம், அலுவலகத்தில் சொல்வோம், பெரிய மனிதர் வந்தால் சொல்வோம். தெருவில் நாம் கேள்விதான் கேட்போம். "கிளம்பியாச்சா?" "என்ன, இவ்ளோ சீக்கிரம்?" "பாப்பாவுக்கு காய்ச்சல் விட்டுதா?" பதில் தெரிந்துகொள்ள அல்ல, பார்த்துவிட்டேன் என்று தெரிவிக்க. கிளம்பிப் போய்க்கொண்டிருக்கிற ஆளிடம்தான் கிளம்பியாச்சா என்று கேட்கிறோம், அதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. ஆளுக்கொரு கேள்வியாக மாறும்போது, அண்ணாச்சிக்கு அந்தத் தெருவைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பது தானாக வெளிப்படும். எல்லாருக்கும் ஒரே வணக்கம் என்றால் வெளிப்படுவதற்கு ஒன்றுமில்லை. உங்கள் அண்ணாச்சி தெற்கிலிருந்து வந்தவர் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவர் "சீக்கிரமே" என்று சொல்ல மாட்டார், "வெள்ளனவே" என்பார். முப்பது வருஷம் சென்னைப் பக்கம் இருந்தும் அந்தச் சொல் வாயைவிட்டுப் போகாது. கேட்கிறவர்களுக்கு அது பாதிதான் புரியும்.

அடுத்து, நேரம். கடை முகப்பு எட்டு அடி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சாதாரண நடையில் எட்டு அடியைக் கடக்க இரண்டு விநாடி ஆகும். வாழைத்தார் ஒரு பக்கம், ஷாம்பூ சரம் ஒரு பக்கம் தொங்கினால் கல்லாவிலிருந்து தெரிகிற தெரு இன்னும் குறுகும். ஒரு ஆள் படச் சட்டம் மாதிரியான அந்த இடைவெளிக்குள் நுழைந்து வெளியேறுவதற்குள் அவர் முகம் பார்த்து, யாரென்று அறிந்து, சொல்லை எடுத்துச் சொல்லி, பதிலையும் வாங்கிவிட வேண்டும். உங்கள் அண்ணாச்சியோ, "வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா, வீட்ல அம்மா எல்லாம் சௌக்கியமா, ரொம்ப நாளாச்சே பார்த்து" என்கிறார். அவர் முடிப்பதற்குள் அந்த சார் பால் பூத் தாண்டியிருப்பார். அதனால் பேச்சைச் சுருக்குங்கள் என்று மட்டும் சொல்ல வரவில்லை. காலடிச் சத்தத்தை வைத்தே யார் வருகிறார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், சட்டத்துக்குள் முகம் வருவதற்கு முன்பே சொல் தயாராக இருக்க வேண்டும். இரண்டு விநாடிக்காக ஒரு மனிதர் அவ்வளவு நேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால், தனிமை என்ற சொல்லுக்கு அங்கே வேலை கிடையாது. அந்தச் சொல் உங்கள் கதையில் ஏழு இடத்தில் வருகிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கடைக்காரர் வணக்கம் சொன்னால் தெரு அதை அன்பு என்று எடுத்துக்கொள்ளாது, வியாபாரம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். நீங்கள் அதை யோசிக்கவே இல்லை. வாத்தியார் ஒருவர் வாசலில் நின்று எல்லாரிடமும் பேசினால் பிரியமானவர் என்போம். கல்லாவில் இருப்பவர் பேசினால் பொருள் வாங்கக் கூப்பிடுகிறார் என்போம். கடனும் இருந்தால் கேட்கவே வேண்டாம். அண்ணாச்சி கடை என்றால் கணக்கு நோட்டு இல்லாமல் இருக்காது, அதில் பாக்கி இல்லாத வீடு தெருவில் நாலோ ஐந்தோ இருக்கும்.

உங்கள் கதையின் இரண்டாம் பக்கம், கீழிருந்து ஆறாவது வரியைப் பாருங்கள்: "பாக்கி வைத்தவர்கள் சிலர் எதிர்ப்பக்கமாகப் போவார்கள்." இதை எழுதிவிட்டு உடனே கோலம், மல்லிகை, கோயில் மணி என்று போய்விட்டீர்கள். எனக்கு அங்கேயே நிற்க வேண்டும் போலிருந்தது. ஏனென்றால் நீங்கள் எழுத வேண்டிய கதை அந்த வரியில்தான் கிடக்கிறது. அண்ணாச்சி பக்கத்தில் அந்த விசாரிப்பு ஒரு துணைக்கான அழைப்பு. அவர்கள் பக்கத்தில் அது பாக்கியை நினைவூட்டும் குரல். ஒரே சொல், இரண்டு காதுக்கு இரண்டு பொருள். இவர் எவ்வளவு பிரியமாகக் கூப்பிடுகிறாரோ அவ்வளவு வேகமாக அவர்கள் நடப்பார்கள். வேகமாக நடக்கிறார்களே என்று இவர் இன்னும் உரக்கக் கூப்பிடுவார்.

மாமா கடையில் காலையில் முதல் போணி ஆகும்வரை கடன் கொடுக்க மாட்டார்கள். கேட்கவும் கூடாது. பாக்கி எவ்வளவு என்று வாய் திறப்பதும் அந்த நேரத்தில் ஆகாது. இதை உங்கள் கதைக்குள் கொண்டுவந்து பாருங்கள். போணி ஆகாத அந்த அரை மணி நேரம் ஒன்றுதான் அண்ணாச்சி நிச்சயமாகப் பணத்தைப் பற்றிப் பேசாத நேரம். அப்போது அவர் கேட்கிற 'கிளம்பியாச்சா'வில் கலப்படமே கிடையாது. அது அவருக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியாது.

சரி, ஒரு காலையை எடுத்து முழுசாகச் செய்து பார்ப்போம். ஆட்கள் இரண்டே பேர் போதும். ஒன்று அண்ணாச்சி. இன்னொன்று, மின்சார ரயிலைப் பிடிக்க ஏழு பத்துக்கு அந்த வழியாகப் போகும் ஓர் இளைஞன். நோட்டில் அவன் பெயரில் 1,340 ரூபாய் நிற்கிறது. மூன்று மாதப் பாக்கி. பழக்கத்தை இப்படி முடித்துவிடலாம்:

"ஷட்டரைத் தூக்கியதும் அண்ணாச்சி முதலில் பார்ப்பது தெருவைத்தான். பால் பாக்கெட்டை அடுக்கும்போதும் கை மட்டும் வேலை செய்யும், காது தெருவில் இருக்கும். கொலுசு என்றால் டீச்சர் வீட்டுப் பெண். இழுத்து நடந்தால் போஸ்ட்மாஸ்டர். முகம் தெரிவதற்குள் கேட்டுவிடுவார். அன்று செவ்வாய்க்கிழமை, ஏழு மணி ஆகியும் போணி ஆகவில்லை."

கடைசி வாக்கியத்தில் 'வார்' போய் 'அன்று' வந்துவிட்டது. அதற்கு அப்புறம் ஒரு இடத்தில்கூடப் பழக்கத்துக்குத் திரும்பாதீர்கள். பையன் வருகிறான், எதிர்ப்பக்கமாக. அண்ணாச்சி, "என்ன தம்பி, இன்னைக்கு வெள்ளனவே?" என்று கேட்கிறார். அவன் நிற்கிறான். இத்தனை நாள் நிற்காதவன் நிற்கிறான் என்று இவருக்கு உள்ளே ஒரு சந்தோஷம். அவன் தெருவைத் தாண்டிக் கடைக்கு வருகிறான். இவர் உட்காரச் சொல்ல ஸ்டூலைக்கூட நகர்த்துகிறார். அவன் சொல்வது: "சம்பளம் வந்ததும் தந்துடறேன் அண்ணாச்சி. தினமும் இப்படி எல்லார் முன்னாடியும் கேட்காதீங்க."

இவர் என்ன பதில் சொல்கிறார்? ஒன்றும் சொல்ல விடாதீர்கள். "நான் அதைக் கேக்கல தம்பி" என்று அவர் ஆரம்பித்தால் விளக்கமாகிவிடும், படிக்கிறவர் செய்ய வேண்டிய வேலையை அவரே செய்துவிடுவார். பையனுக்கும் நேரமில்லை, ரயில் போய்விடும். போய்விடுகிறான்.

இந்த இடத்தில் நோட்டைத் திறக்கலாம். அவன் பக்கத்தைப் பார்க்கிறவர் கை தவறி வேறொரு பக்கத்தையும் புரட்டட்டும். பல கடைகளில் நோட்டில் 'வீடு' என்று ஒரு பக்கம் இருக்கும். முதலாளியே ஆனாலும் கடையிலிருந்து சொந்தச் சமையலுக்கு எடுப்பதை எழுதித்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் சரக்கும் காசும் ஒத்துப்போகாது. மாமா ஒரு தீப்பெட்டியைக்கூட எழுதாமல் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். அத்தைக்கு இதில் எப்போதும் கோபம்தான், அது வேறு கதை. அண்ணாச்சியின் 'வீடு' பக்கத்தில் முன்னெல்லாம் துவரம்பருப்பு அரை கிலோ, தேங்காய் இரண்டு, நல்லெண்ணெய் ஒரு லிட்டர் என்று இருக்கும். ஒரு தேதிக்குப் பிறகு பருப்பு 100 கிராம், முட்டை 1. நடுவில் பதினாறு நாள் எழுத்தே இல்லை. மனைவி இறந்ததைப் பற்றி முக்கால் பக்கம் எழுதியிருக்கிறீர்களே, ஆஸ்பத்திரி, கண்ணீர், மகன் வெளிநாட்டிலிருந்து வராதது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இந்த மூன்று வரியை வைத்துப் பாருங்கள். தன் கடையில் தனக்கே 100 கிராம் நிறுத்துக்கொள்கிறவரைக் காட்டிவிட்டால், தனியாக இருக்கிறார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தேங்காயைப் பற்றி ஒரு எச்சரிக்கை: 'வெறுமையான தேங்காய் மூடி போல அவர் வாழ்க்கை' என்ற மாதிரி எதுவும் கைக்கு வந்தால் எழுதிவிட்டு மறுநாள் அடித்துவிடுங்கள்.

இப்போது முடிவு. பூட்டிய ஷட்டர், வாசலில் கூடிய கூட்டம், "இப்படி ஒரு மனுஷனா!" என்று உருகும் தெரு. இந்த முடிவு எனக்கு வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து கதைகளில் வரும். தபால்காரர், வாட்ச்மேன், பூக்காரம்மா, பள்ளிக்கூட மணியடிப்பவர் என்று ஆள் மட்டும் மாறும். தேய்ந்தது என்பதற்காக மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த முடிவில் அண்ணாச்சி எதுவும் செய்வதில்லை. கதை யாரைப் பற்றியதோ அவரை அனுப்பிவிட்டு, கடைசிப் பக்கத்தைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டீர்கள். இறந்தால் எல்லாரும் நல்லவர்தான், அதற்கு அவர் காலையெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவே வேண்டாம். ஒரு பழைய குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன்: நான் எழுதிய முதல் கதையிலும் ஒரு டீக்கடைக்காரரைக் கடைசி வரியில் கொன்றேன். நல்லவேளை, எங்கும் அச்சாகவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமையிலேயே இருங்கள். பையன் போய்விட்டான். இன்னும் போணி ஆகவில்லை. அடுத்த காலடிச் சத்தம் கேட்கிறது. இழுத்து நடக்கிற சத்தம், போஸ்ட்மாஸ்டர். யாரென்று அண்ணாச்சிக்குத் தெரிந்துவிட்டது, சொல் வாய்வரை வந்துவிட்டது. போஸ்ட்மாஸ்டருக்கும் நோட்டில் ஒரு பக்கம் உண்டு. அண்ணாச்சி என்ன செய்வார்? என் யோசனை: கல்லாவுக்குக் கீழே குனிந்துவிடுவார். எதையோ தேடுகிற மாதிரி, அந்தக் காலடி எட்டு அடியையும் கடந்து போகும்வரை. கடன்காரர்கள் அவரிடமிருந்து ஒளிந்த தெருவில், அவர் ஒளிகிறார். அங்கேயே நிறுத்திவிடுங்கள். மறுநாள் அவர் மறுபடி கேட்டாரா, பையன் பணத்தைக் கொடுத்தானா என்றெல்லாம் ஒரு பத்தி சேர்க்க கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள்.

இப்படிச் செய்வதிலும் சறுக்க இடம் இருக்கிறது. பையனைக் கெட்டவனாக்கிவிட்டால் எல்லாம் கெட்டது. அவன் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. மூன்று மாதமாக அவன் தினமும் காலையில் கேட்பது பாக்கியை நினைவூட்டும் ஒரு குரல், அந்தக் குரலுக்கு எதிர்ப்பக்கம் போக ஒரு தெருவே இருக்கிறதே என்று பழகிக்கொண்டவன். அவன் பேச்சில் மரியாதை குறையக் கூடாது, 'அண்ணாச்சி' என்ற சொல் விடுபடக் கூடாது. கோபமாகத் திட்டினால் அண்ணாச்சிக்குப் படிக்கிறவரின் இரக்கம் சுலபமாகக் கிடைத்துவிடும். மரியாதையாகச் சொல்வதுதான் அவரைத் தைக்கும். இன்னொன்று, கதை முழுக்கக் கல்லாவிலிருந்துதான் பார்க்க வேண்டும். இப்போது நீங்கள் நினைத்த நேரத்தில் தெருவில் போகிறவர் மனதுக்குள் எல்லாம் போய்வருகிறீர்கள். 'அவருக்கு எரிச்சலாக வந்தது', 'அவளுக்குப் பாவமாக இருந்தது' என்று. தெரு என்ன நினைக்கிறது என்று படிக்கிறவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டால், பையன் வாயைத் திறக்கும்போது அண்ணாச்சி மட்டும்தான் அதிர்வார். படிக்கிறவரும் சேர்ந்து அதிர வேண்டுமென்றால் அண்ணாச்சிக்குத் தெரியாதது எதுவும் நமக்கும் தெரியக் கூடாது.

இதையெல்லாம் செய்தால் ஐந்து பக்கம் மூன்றரையாகிவிடும். தலைப்பையும் மாற்ற வேண்டியிருக்கும், 'வணக்கம்' என்ற சொல்லே கதையில் இருக்காதே. 'போணி' என்று வைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு வேறு தோன்றினால் அதுவே சரி.

கடைசிக் காட்சியில் அண்ணாச்சி குனிந்து எதைத் தேடுவதாகக் காட்டிக்கொள்கிறார் என்பதை நான் சொல்லப்போவதில்லை, அது எனக்குத் தெரியாது. அந்தக் கடைக்குப் போய், முடிந்தால் போணி ஆன பிறகு, கல்லாவுக்கு அந்தப் பக்கம் வர அனுமதி கேட்டு ஒரு நிமிஷம் குனிந்து பாருங்கள். எங்கள் மாமா கடையில் அங்கே சணல் உருண்டையும், உடைந்த படிக்கல் ஒன்றும், சிந்திய உளுந்தும் கிடக்கும்.